வாழைமரம் இன்னும் வாசலில் நிற்கிறது

பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

போனில் பேசினால் "ம், ம்" என்கிறாய், பின்னால் அத்தை வீட்டு மிக்ஸி ஓடுகிறது, அதனால்தான் வாட்ஸ்அப்பில் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், ராத்திரி படி. பந்தல் பிரித்தாயிற்று. வாழைமரம் மட்டும் வாசலில் காய்ந்து நிற்கிறது, அப்பா நாளைக்கு எடுக்கிறேன் என்கிறார். நீயும் அவர் பெண்தானே, கல்யாணம் முடிந்து 22 நாள் ஆகிறது, பேஸ்புக்கில் உன் பத்திரிகை அப்படியே இருக்கிறது.

முன்பக்கம் பிள்ளையார், அதில் ஒன்றும் இல்லை. பின்பக்கம்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நம் வீட்டு விலாசம், கோவை வீட்டுக் கதவு எண், மூன்றாவது மாடி, கோயிலுக்கு எதிரே, மேப் பார்க்கக் கட்டம், அப்பா நம்பர், மாமா நம்பர். கல்யாணத்துக்கு முன்னால் அது வருகிறவர்களுக்கு வழி. இப்போது அது நீ தினமும் தூங்கி எழுந்திருக்கிற வீடு. தலைதீபாவளிக்கு நீங்கள் இரண்டு பேரும் இங்கே வருவீர்கள், அதைப் பத்திரிகையில் அடிக்கவே வேண்டாம், கல்யாணத் தேதி தெரிந்தவன் எவனும் அந்த வீட்டில் யார் இருப்பார்கள், யார் இருக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டுவிடுவான்.

போன வாரம் கேட்டதற்கு "விலாசத்தை எடிட் பண்ணி எடுத்துட்டேன்மா" என்றாய். போஸ்டில் எழுதியிருந்ததை எடுத்தாய், சரி, படத்தில் இருப்பது அப்படியேதான் இருக்கிறது. ஆனால் தேதிக்குப் பக்கத்தில் உலக உருண்டை இன்னும் இருக்கிறது, அப்படியென்றால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த மூன்று புள்ளியைத் தொட்டு View edit history என்று பார்த்தால் நீ முதலில் எழுதியது ஒரு எழுத்து குறையாமல் வருகிறது. தம்பி என் போனில் காட்டினான். போஸ்ட் யாருக்குத் தெரிகிறதோ அவர்களுக்கு அதுவும் தெரியுமாம். எழுத்தைத் திருத்தினால் போதாது, போஸ்டையே மறைக்க வேண்டும்.

தாத்தா எழுதிய ஆசீர்வாதம் கீழே இருக்கிறது, அதனால்தான் உனக்கு அழிக்க மனசு வரவில்லை என்று தெரியும். அழிக்க வேண்டாம். அதே மூன்று புள்ளியில் யார் பார்க்கலாம் என்பதை Only me என்று மாற்று, தாத்தா எழுதியது உனக்கு அப்படியே இருக்கும். அழித்தே தீருவேன் என்றால் Move to trash. ஆனால் அது 30 நாள் குப்பையில் இருந்துதான் போகும், நடுவில் மனசு மாறினால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தம்பி உன்னுடையதை ஷேர் பண்ணியிருந்தான், நீ மறைத்தால் அங்கேயும் மறைந்துவிடும். சித்தப்பாதான் படத்தை இறக்கித் தன் பக்கத்தில் தனியாகப் போட்டிருக்கிறார். அதை அவர்தான் எடுக்க வேண்டும், நான் சொல்லிவிட்டேன், முறைத்தார். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதை எல்லோருக்கும் சேர்த்து அழிக்க இரண்டு நாள் சொச்சம்தான் கெடு, அது எப்போதோ தாண்டிவிட்டது. போகட்டும், அங்கே இருப்பது நம் ஆட்கள்.

இன்றைக்கு எடுத்துவிடு. ஏன் இத்தனை தடவை சொல்கிறாள் என்று நினைப்பாய். நீ எவ்வளவு பொறுப்பான பெண் என்று மண்டபத்தில் எல்லோரும் சொன்னார்கள், எனக்கு அப்படி ஒரு பெருமை. ஆனால் அந்த போஸ்டுக்கு யாரெல்லாம் லைக் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு தடவை கீழே வரை போய்ப் பார். நடுவில் ஒரு பெயர் இருக்கிறது. நீ பார்த்திருப்பாய். பார்த்துவிட்டுத்தான் "ம், ம்" என்கிறாயோ என்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், திட்டாதே. நானும் அந்தப் பின்பக்கத்தைத்தான் கவர் போட்டோவாக வைத்திருந்தேன், பெருமையில். மறுவீட்டுக்கு நீ வந்து போன அன்றைக்கே கோபுரப் படம் மாற்றினேன், தீர்ந்தது என்று நினைத்தேன். பழைய படம் Cover photos என்கிற ஆல்பத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. நேற்று ராத்திரிதான் எடுத்தேன். உன்னைச் சொல்கிறேன், 22 நாளில் 21 நாள் நானே கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்.

அப்போதும் அப்படித்தான். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறான் என்று நீ வந்து சொன்னபோது, வேறு பஸ்ஸில் போ, அப்பாவிடம் சொல்லாதே என்றேன். அவன் வீட்டில் போய் நான் கேட்டிருக்க வேண்டும். ஒரு வருஷம் நீ சுற்றுவழியில் காலேஜுக்குப் போனாய், நான் டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு ஒன்றும் நடக்காதது மாதிரி இருந்தேன்.

மாப்பிள்ளைக்கு அதைச் சொல்லியிருக்கிறாயா? சொல்லவில்லை என்றால் நான் கேட்டேன் என்று வேண்டாம், உனக்குத் தோன்றும்போது சொல். அந்த லைக்கை மட்டும் போஸ்டை மறைப்பதற்கு முன்னால் படம் பிடித்து வைத்துக்கொள், பிளாக் பண்ணு. இந்தத் தடவை அப்பாவிடம் நானே சொல்கிறேன்.

எடுத்ததும் ஒரு வார்த்தை போடு. எந்நேரமானாலும் சரி, விழித்துத்தான் இருப்பேன்.

அம்மா