யார் அந்த சரஸ்வதி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஒரு சுவாமிகளின் மறைவு பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். முதல் வரியில் முழுப் பெயரையும் போட்டுவிட்டு, அடுத்த பத்தியிலிருந்து "சரஸ்வதி கூறினார்", "சரஸ்வதி பயணம் செய்தார்" என்றே எழுதியிருக்கிறீர்கள். பாதியில் பத்திரிகையை வாங்கிப் படித்த என் மனைவி, "யார் இந்த சரஸ்வதி?" என்று கேட்டார்.

கடைசியில் வரும் சொல் குடும்பப் பெயராகத்தான் இருக்கும் என்று எழுதியவர் நினைத்திருக்கலாம். அது குடும்பப் பெயர் இல்லை. குடும்பத்தை விட்டதன் அடையாளம். ரிஷிகேசத்து சிவானந்தரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1887-ல் பத்தமடையில் பிறந்தபோது அவர் பெயர் குப்புசாமி. மலேயாவில் டாக்டராக இருந்தவர், 1924-ல் ரிஷிகேசத்தில் விஸ்வானந்த சரஸ்வதியிடம் சன்னியாசம் வாங்கி, சிவானந்த சரஸ்வதி ஆனார். 'சிவானந்த' அவருக்கென்று வைத்த பெயர். 'சரஸ்வதி' குருவிடமிருந்து வந்தது, அவர் எந்தப் பரம்பரையில் சேர்ந்தார் என்று சொல்வது. கிரி, புரி, பாரதி, தீர்த்தர், சரஸ்வதி என்று இப்படிப் பத்து உண்டு. அதனால்தான் தசநாமி என்கிறார்கள். அந்தப் பரம்பரையில் எத்தனையோ பேருக்கு சரஸ்வதி என்ற பட்டம் இருக்கும்போது, வெறும் 'சரஸ்வதி' என்று எழுதினால் யாரையும் குறிக்காது. சிலர் பட்டத்தை வெளியே சொல்வதே இல்லை. ராமகிருஷ்ணருக்கு சன்னியாசம் கொடுத்தவர் தோதாபுரி. ஆகவே ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளும் புரி மரபினர்தான், ஆனால் விவேகானந்தரை யாரும் விவேகானந்த புரி என்று சொல்வதில்லை.

பெயரை ஏன் மாற்ற வேண்டும் என்றால், பழைய பெயருக்கு உரியவர் இறந்துவிட்டார் என்பதுதான் கணக்கு. இது அலங்காரப் பேச்சு இல்லை. முறைப்படி சன்னியாசம் வாங்குகிறவர் முன்னோருக்குச் சிராத்தம் செய்து, கூடவே தனக்கும் தானே செய்துகொள்கிறார். பிறகு விரஜா ஹோமம். குடுமியையும் பூணூலையும் களைந்துவிட்டு, எந்த உயிரும் இனி என்னிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லி அபயம் கொடுக்கிறார். அப்புறம்தான் குரு காவியும் மகாவாக்கிய உபதேசமும் புதுப் பெயரும் தருகிறார். கோத்திரம், ஜாதி, இன்னாருடைய மகன் என்ற உறவு எல்லாம் பழைய பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தவை, அதோடு போய்விடுகின்றன. சட்டமும் கொஞ்ச தூரம் இதை ஒப்புக்கொள்கிறது: முறையாக உலகைத் துறந்தவரை இந்து சட்டம் சொத்து விஷயத்தில் இறந்தவராகவே பார்த்து வந்திருக்கிறது.

பழைய பெயர் ரகசியம் என்று சொல்லவில்லை. வாழ்க்கை வரலாற்றில் 'பூர்வாசிரமப் பெயர்' என்று ஒரு முறை குறிப்பிடலாம், தப்பில்லை. ஆனால் அவரிடமே போய், "உங்க நிஜப் பேர் என்ன?" என்று கேட்பது வேறு. இப்போது இருப்பது பொய்ப் பெயர் என்று சொன்னது மாதிரி ஆகும்.

எழுதும்போது 'சிவானந்தர்' என்றோ 'சுவாமி சிவானந்தர்' என்றோ எழுதினால் போதும். 'திரு' வேண்டாம். நேரில் பேசும்போது பெயரே தேவையில்லை, 'சுவாமி' அல்லது 'சுவாமிஜி' போதும். மடாதிபதியாக இருந்தால் 'சுவாமிகள்', கூடவே வினையும் 'சொன்னார்கள்', 'வந்தார்கள்' என்று வரும். உங்கள் குறிப்பில் இருந்த 'காலமானார்' என்ற சொல்லும் பொருந்தவில்லை. 'சித்தியடைந்தார்' என்பதுதான் வழக்கம். சிராத்தம் முன்பே முடிந்துவிட்டதால், அந்த நாளில் ஆண்டுதோறும் நடப்பதற்கும் திதி என்று பெயரில்லை, ஆராதனை.

எங்கள் சித்தப்பா சன்னியாசம் வாங்கிப் பல வருடம் கழித்து ஒரு முறை ஊருக்கு வந்து சத்திரத்தில் தங்கினார். வீட்டுக்கு வரவில்லை. அவருடைய அண்ணனான என் அப்பா, மூத்தவர் என்றும் பார்க்காமல் தரையில் விழுந்து நமஸ்காரம் செய்தார். பதிலுக்கு அவர் "நாராயண, நாராயண" என்று மட்டும் சொன்னார். எனக்கு வாய் தவறி "சித்தப்பா" என்று வந்துவிட்டது. அவர் கோபிக்கவில்லை, திருத்தவுமில்லை, எந்த வகுப்பு படிக்கிறாய் என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் பாட்டி வந்தாள். சன்னியாசி இல்லறத்தில் இருக்கிற யாரையும் விழுந்து வணங்குவதில்லை, பெற்ற தாய் மட்டும் விலக்கு. அவர் எழுந்து பாட்டி காலில் விழுந்தார். பாட்டிக்கு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பழைய பெயரைச் சொல்ல வாயெடுத்தவள், பாதியில் நிறுத்திக்கொண்டு, "சாப்பிட்டாச்சா, சுவாமி?" என்று கேட்டாள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்