வேலாயுதத்துக்கு மாமன் எழுதும் வாழ்த்து

வின்னிபெக்,
ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கோபப்படாதே. இங்கே வெளியே மைனஸ் 30. பக்கத்து வீட்டுக் கிழவி, ஓய்வுபெற்ற நர்ஸ், விடியற்காலை நாலு மணிக்கே பனி அள்ளுகிறாள். நான் எழும்முன் என் வாசலும் சுத்தமாகிவிடுகிறது. ஏன் என்று கேட்டால், தூக்கம் வரவில்லை என்கிறாள். சின்னவனுக்கு ஆறு மாதம், சோறூட்டப் போகிறோம் என்றேன். உடனே, "தேன் மட்டும் வேண்டாம், ஒரு வயதுவரை" என்றாள். தேனில் இருக்கும் கிருமி வித்துகள் குழந்தைக் குடலில் வளர்ந்து நஞ்சாகுமாம், காய்ச்சினாலும் சாகாதாம். சித்தி தேன் பாட்டிலோடு வருவாள், பார்த்துக்கொள். பச்சரிசியும் பாசிப்பருப்பும் குழைய வெந்து, ஒரு சொட்டு நெய். உப்பு வேண்டாம். மூன்று விரல் நுனியளவு போதும். நாக்கால் வெளியே தள்ளினால் வற்புறுத்தாதே, அது பழகும் வரைதான்.

என் மடியில் உட்கார்ந்து உண்ண வேண்டியவன். முத்து மடியில் உட்காரட்டும். நீ கேட்ட வாழ்த்தை முத்துவே வாசிக்கட்டும். சோறு ஊட்டும் முன்பே வாசித்துவிடுங்கள், அப்புறம் அவன் அழ ஆரம்பித்தால் ஒன்றும் கேட்காது. ஒரு நிமிஷத்துக்குள் முடியும்:

"பெரியவர்களுக்கு வணக்கம். பிள்ளைகளே, கொஞ்சம் கிட்டே வாருங்கள். இவன் பெயர் வேலாயுதம். இவனுடைய தாத்தா பெயர். பெயரன் என்பதுதான் பேரன் ஆயிற்று, அதனால் இவன் முழுப் பேரன். தாத்தா சாப்பிட உட்கார்ந்தால், வாசலில் யார் நின்றாலும் ஒரு இலை கூடுதலாகப் போடச் சொல்வார். அந்த இலையில் இவன் பங்கும் இருக்கட்டும். ஆச்சி அந்தப் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. அதனால் அவர்களுக்காக ஒரு செல்லப் பெயரும் உண்டு. அதை ஆச்சியே இப்போது சொல்வார்கள். பிள்ளைகள் எல்லோரும் மூன்று முறை திருப்பிச் சொல்லுங்கள்."

அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதே, கூச்சத்தில் அடுக்களைக்குள் போய்விடுவாள். அப்பா இறந்த பிறகும் அவள் "உங்க அப்பா" என்றே சொல்கிறாள். இனி அந்தப் பெயரை வீட்டில் எல்லோரும் கூப்பிடுவார்கள், அவள் மட்டும் வேறு ஏதாவது சொல்லிக் கூப்பிடட்டும். அவள் என்ன வைத்தாள் என்று அன்றிரவே எழுது. இங்கே தமிழில் யாரும் என்னைக் கூப்பிட்டு நாளாயிற்று.

வெள்ளி அரைஞாண் அடுத்த மாதம் அனுப்புகிறேன். பாங்கில் ஏதோ தாமதம், வேறொன்றுமில்லை. முத்துவிடம் வாங்கி இப்போதைக்குக் கட்டிவிடு.

கிணற்றடித் தோப்பின் வரி ரசீது இரும்புப் பெட்டியில் அப்பாவின் பழைய டைரிக்குள் இருக்கும். எல்லைக் கல்லைப் பற்றிப் பேச வருகிறவர்களிடம், நான் வரும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதே. அத்தானிடமும் சொல்.

உன் தம்பி