டேங்கர் எப்போது வர வேண்டும் என்பதைப் பால்தான் சொல்ல வேண்டும்

பால் டேங்கர்களுக்குப் பாதையும் நேரமும் போடும் அலுவலர்களுக்கு,

வணக்கம். சேர்வராயன் மலையடிவாரத்தில் பால் எடுக்கும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் நான். எங்கள் சங்கத்தில் பாலைக் குளிர வைக்கும் 2,000 லிட்டர் பிஎம்சி தொட்டி ஒன்று இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் நேரில் வந்து ஊற்றுகிறார்கள். மலையிலிருந்து குப்பனூர் சாலை வழியாகக் கொஞ்சம் பால் கேனில் இறங்குகிறது. கோடை தொடங்குமுன் காலை டேங்கரின் வரிசையை மாற்றித் தர வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

இப்போது காலை டேங்கர் முதலில் எங்களிடம் 8 மணிக்கு வருகிறது. பிறகு சமவெளியில் உள்ள இரண்டு சங்கங்களில் எடுத்துக்கொண்டு, பாலைப் பதப்படுத்தும் பால் பண்ணைக்குப் போகிறது. தூரத்தைப் பார்த்தால் இந்த வரிசை சரிதான். பாலின் சூட்டைப் பார்த்தால் தலைகீழ்.

ஒரு நாள் காலையின் கணக்கைச் சொல்கிறேன். முந்தைய மாலை எடுத்த 900 லிட்டர் இரவிலேயே 4 டிகிரிக்கு இறங்கித் தொட்டியில் கிடக்கிறது. காலை 6 மணியிலிருந்து புதுப் பால் வருகிறது, ஏறக்குறைய 1,000 லிட்டர். ஊற்றும்போது 33 டிகிரி சூடு இருக்கும். மலைக் கேன்கள் வந்து சேர ஏழரை ஆகிவிடும், அதுதான் கடைசிப் பால். இந்த மாதிரித் தொட்டிகள், பாதிக் கொள்ளளவுக்கு வரும் கறந்த சூட்டுப் பாலைச் சுமார் 3 மணி நேரத்தில் 4 டிகிரிக்கு இறக்கும்படி செய்யப்பட்டவை. அந்த வேகத்தில் 6 மணிக்கே கம்ப்ரசர் ஓடத் தொடங்கினாலும், 8 மணிக்கு மூன்றில் இரண்டு பங்கு வேலைதான் முடிந்திருக்கும். மொத்தப் பாலும் 9 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். நடுவில் ஒரு மணி நேரம் கரண்ட் போய், ஜெனரேட்டரும் உடனே பிடிக்காவிட்டால் 14 டிகிரி. இது இயந்திரம் நல்ல நிலையில் இருந்தால் வரும் கணக்கு. சேலத்து ஏப்ரல் வெயிலில், தூசி படிந்த கண்டன்சரோடு ஓடும் தொட்டிக்கு இதைவிட மோசமாகவே இருக்கும்.

அந்தப் பால்தான் டேங்கரில் ஏறுகிறது. டேங்கரில் குளிர்ச்சி தரும் இயந்திரம் கிடையாது, உள்ளே இருக்கும் சூட்டை அப்படியே வைத்திருக்கும் உறை மட்டும்தான். 4 டிகிரியில் ஏற்றிய பால் பண்ணைக்குப் போய்ச் சேரும்போது ஒன்றிரண்டு டிகிரி கூடியிருக்கலாம், அதனால் பெரிய கெடுதல் இல்லை. 14 டிகிரியில் ஏற்றிய பாலை வழியில் குளிர வைக்க யாராலும் முடியாது. பண்ணை வாசலில் வரிசையில் நிற்கும் நேரமும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

கறந்த பாலில் கிருமிப் பெருக்கத்தைத் தடுக்கும் இயற்கைச் சக்தி ஒன்று உண்டு. 30 டிகிரிச் சூட்டில் அது இரண்டு மூன்று மணி நேரத்துக்குத்தான் தாங்கும். 5 மணிக்குக் கறந்த மலைப் பாலுக்கு, எங்கள் தொட்டியில் விழும்போதே அந்தக் காலம் முடியும் தறுவாயில் இருக்கிறது. அதன்பின் அந்தச் சூட்டிலேயே விட்டால், அரை மணிக்கு ஒருமுறை கிருமி இரட்டிப்பாகக்கூடும். 4 டிகிரிக்கு இறக்கினால் ஏறக்குறைய நின்றுவிடும். பண்ணையில் 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கினால் எல்லாம் செத்துவிடுமே என்று சிலர் சொல்கிறார்கள். பெரும்பாலான கிருமிகள் சாகும். ஆனால் சூட்டில் பெருகிய சில கிருமிகள் விட்டுப்போன நஞ்சு அதில் அழியாது. அதனால்தான் பண்ணையில் சரிசெய்துகொள்ளலாம் என்ற நினைப்பு எனக்கு ஒப்பவில்லை.

தொட்டியின் முகப்பில் 4 என்று காட்டுகிறதே, பிறகென்ன என்று கேட்பீர்கள். அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. குளிர்விக்கும் தகடு தொட்டியின் அடியில் இருக்கிறது, பல தொட்டிகளில் வெப்ப உணரியும் கீழேதான். கலக்கும் துடுப்பு ஓடாமல் நின்றிருக்கும்போது சூடான புதுப் பால் மேலேயே மிதக்கும், கீழே நேற்றைய குளிர்ந்த பால் இருக்கும். முகப்பில் 4 காட்டும் தொட்டியை ஐந்து நிமிடம் கலக்கவிட்டு, மூடியைத் திறந்து கைத் தெர்மாமீட்டரை நடுவில் இறக்கிப் பாருங்கள். 11 காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். டேங்கர் ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்போது இதைச் செய்ய எந்தச் சங்கத்திலும் யாருக்கும் பொறுமை இருக்காது.

சோதனைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சோதனைக் குழாயில் 5 மில்லி பாலைக் கொதிநீரில் வைத்துத் திரிகிறதா என்று பார்ப்பது நல்ல வழக்கம்தான், ஆனால் அது திரியும்போது பால் ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கும். மெத்திலீன் நீலச் சோதனை முன்கூட்டியே சொல்லும். 10 மில்லி பாலில் 1 மில்லி நீலக் கரைசல் விட்டு 37 டிகிரியில் வைக்க வேண்டும். நீலம் 5 மணி நேரத்துக்கு மேல் நின்றால் மிக நல்ல பால், அரை மணிக்குள் வெளுத்தால் மோசமான பால். இடைப்பட்ட நேரங்கள்தான் நமக்கு வேண்டிய சேதி. நேற்று நான்கு மணி நேரம் நின்றது இன்று இரண்டு மணி நேரம்தான் நின்றது என்றால், எங்கோ குளிர்ச்சி தவறுகிறது என்று அர்த்தம். முடிவு தெரியும் முன்பே டேங்கர் கிளம்பிவிடும் என்பதால், அன்றைய பாலைத் தடுக்க இது உதவாது. டேங்கர் நேரம் சரியா என்று வாரக் கணக்கில் பார்க்க உதவும்.

இப்போது கேட்பதைச் சொல்கிறேன். சமவெளிச் சங்கங்கள் இரண்டும் ஐந்தரைக்கே தொடங்கி ஆறே முக்காலுக்குள் பால் எடுத்து முடிக்கிறார்கள். அவர்கள் பால் ஒன்பது மணியை ஒட்டி 4 டிகிரிக்கு வந்துவிடுகிறது. டேங்கர் அவர்களிடம் ஒன்பதே காலுக்கும் பத்து மணிக்கும் எடுத்து, எங்களிடம் பத்தே முக்காலுக்கு வரட்டும். அதற்குள் எங்கள் தொட்டியும் தயாராகியிருக்கும். அதே டேங்கர்தான், வரிசை மட்டும் மாறுகிறது. பண்ணைக்குப் போய்ச் சேருவது ஒன்றே கால் மணி நேரம் தாமதமாகும். அந்த டேங்கரின் அடுத்த நடை இதனால் தள்ளிப்போகும் என்பதும், பண்ணையில் பால் இறக்கும் இடத்தில் நேரத்தை மாற்ற வேண்டிவரும் என்பதும் எனக்குத் தெரியும். உங்களுக்கு அது சுலபமில்லை. ஆனாலும் 4 டிகிரியில் தொட்டியில் ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்கும் பாலுக்கு ஒன்றும் ஆகாது. பாதிச் சூட்டோடு டேங்கரில் ஏறிய பாலுக்கு ஒவ்வொரு நிமிடமும் நட்டம்.

தாமதமும் அளவோடுதான் இருக்க வேண்டும். குளிரிலேயே வளரும் கிருமிகளும் உண்டு, ஒன்றுவிட்டு ஒரு நாள் எடுத்தால் அவை தலைதூக்கும். அதனால் தினம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து கழுவும் இப்போதைய முறையில் கை வைக்க வேண்டாம்.

இன்னொன்று, ஏற்றும் சிலிப்பில் லிட்டர், கொழுப்பு, எஸ்என்எஃப் எழுதுகிறோம். பக்கத்தில் கலக்கிய பின் எடுத்த வெப்பநிலைக்கும் ஒரு கட்டம் வேண்டும், ஓட்டுநரும் சங்கத்துக்காரரும் அதில் கையெழுத்திட வேண்டும். ஏற்றும் முன் ஒவ்வொரு சங்கத்தின் சாம்பிளும் தனியாகப் போக வேண்டும். மூன்று ஊர்ப் பாலும் கலந்தபின் பண்ணை வாசலில் புளிப்பு என்று திருப்பினால், யார் பால் கெட்டது என்று எப்படித் தெரியும்? அப்போது கழிக்கும் பணம் எல்லோர் தலையிலும் விழுகிறது. அந்தப் பயத்தில்தான் சோடா கலக்கும் கெட்ட பழக்கம் சில இடங்களில் நுழைகிறது. அந்தப் பால் புளிப்புச் சோதனையில் தப்பிவிடும், குடிக்கிற குழந்தைக்குப் போய்விடும்.

மார்ச் முதல் மே வரை இந்த ஒரு பாதையில் மட்டும் வரிசையை மாற்றிப் பாருங்கள். வெப்பநிலைக் கட்டத்தையும் மெத்திலீன் நேரத்தையும் நாங்கள் தினம் எழுதி வைக்கிறோம். ஜூன் முதல் வாரத்தில் இரண்டு பக்கத்துச் சிலிப்புகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேச ஒரு நாள் குறித்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மலையடிவாரச் சங்கச் செயலாளர் ஒருவர்