ரேம் சோதனை போடுகிறவர்களுக்கு: எந்த ப்ராசசரில் என்று முதலில் சொல்லுங்கள்

ரேம் விமர்சனம் எழுதும், காணொளி போடும் நண்பர்களுக்கு,

வணக்கம். சில மாதங்களுக்கு முன் உங்களில் ஒருவர் போட்ட வரைபடத்தைப் பார்த்தேன். டிடிஆர்5-6000 சிஎல்36 ரேமிலிருந்து டைமிங் இறுக்கிய சிஎல்30-க்கு மாறினால் கேம்களில் நன்றாகவே வேகம் கூடும் என்று அதில் இருந்தது. நம்பி, இரண்டு இரவுகள் பயாஸுக்குள் குடியிருந்தேன். கடைசியில் நான் விளையாடும் கேம்களில் கிடைத்த வித்தியாசம், ஒரே சோதனையை இரண்டு தடவை ஓட்டினால் வருகிற ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. வரைபடம் பொய் இல்லை. சோதித்த ப்ராசசரில் 32 எம்பி எல்3 கேஷ், என்னுடைய ரைசன் 7 7800எக்ஸ்3டி-யில் 96 எம்பி. அந்த ஒரு வரி வரைபடத்தின் அடியில் இல்லை, அவ்வளவுதான்.

இது ஏன் இப்படி ஆகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் கணக்காகப் போட்டுப் பார்த்தால் என் கோரிக்கை தெளிவாகும். இந்தத் தலைமுறை ரைசனில் எல்3 கேஷிலிருந்து ஒரு தரவு வர ஏறக்குறைய 10 நானோநொடி ஆகும். அங்கே இல்லையென்றால் ரேம் வரை போய்வர மேலும் 80 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லா டைமிங்கையும் இறுக்கி அதை 70 ஆக்கிவிட்டோம். எல்3-க்கு வரும் நூறு கேள்விகளில் 32 எம்பி சிப்பில் 30 தவறுகின்றன, 96 எம்பி சிப்பில் 12 தவறுகின்றன. (தவறும் விகிதங்கள் நான் உதாரணத்துக்கு எடுத்தவை, ஒவ்வொரு கேமுக்கும் மாறும்.)

சிறிய கேஷில் சராசரிக் காத்திருப்பு 34 நானோநொடியிலிருந்து 31-க்கு இறங்குகிறது. பெரிய கேஷில் 19.6-லிருந்து 18.4-க்கு. இனி ஒரு ஃபிரேமுக்கு வருவோம். சிறிய கேஷில் ஒரு ஃபிரேம் 6 மில்லிநொடி, அதில் பாதி இந்தக் காத்திருப்பு என்று கொண்டால், ரேமை இறுக்கியதும் அது 5.74 ஆகும்; நொடிக்கு 167 ஃபிரேம் 174 ஆகும். அதே வேலை பெரிய கேஷில் முதலிலேயே 4.73 மில்லிநொடிதான். இறுக்கிய பின் 4.62, அதாவது 211 என்பது 216 ஆகும். நான்கு சதவீதத்துக்கு மேல் கிடைத்த லாபம் இங்கே இரண்டு சொச்சமாகச் சுருங்குகிறது. அதைவிட முக்கியம், ரேமைத் தொடாத பெரிய கேஷ் சிப், ரேமைக் கசக்கிப் பிழிந்த சிறிய கேஷ் சிப்பைவிட எவ்வளவோ முன்னால் நிற்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. 80-ஐ 70 ஆக்கிக் குறைத்தோமே, பெட்டியில் பெரிதாக அச்சடிக்கும் சிஎல் எண் அந்த 10 நானோநொடியில் ஒரு சிறு பங்குதான். 6000-இல் சிஎல்36 என்றால் 12 நானோநொடி, சிஎல்30 என்றால் 10. வித்தியாசம் வெறும் 2. மிச்சம் எல்லாம் மற்ற டைமிங்குகளிலிருந்து வரவேண்டும். அதில் எனக்குப் பிடித்தது `tREFI`. டிடிஆர்5 ரேம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இயல்பாக 3.9 மைக்ரோநொடிக்கு ஒரு முறை வேலையை நிறுத்துகிறது. 16 ஜிகாபிட் சிப்புகளில் அந்த நிறுத்தம் சுமார் 295 நானோநொடி. கணக்குப் போட்டால் ஏழு சதவீதத்துக்கு மேல் நேரம் கதவு சாத்தியிருக்கிறது. `tREFI`-யைக் கூட்டினால் அந்த நிறுத்தங்கள் அரிதாகும். ஆனால் ரேம் சூடானால் தரவு கசியும். கிராஃபிக்ஸ் கார்டின் வெப்பக் காற்று ரேம் மேல் அடிக்கும் பெட்டிகளில், சோதனை மென்பொருளில் தேறிய அதே அமைப்பு ஒரு மணி நேரம் விளையாடிய பிறகு கேமை மூடிவிட்டுப் போகும். ஆகவே கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும்போது மட்டும் ரேமைச் சோதித்துவிட்டு ‘நிலையாக இருக்கிறது’ என்று எழுதாதீர்கள்.

வேகம் என்ற பக்கத்தையும் பாருங்கள். இரட்டைச் சேனல் 6000 ரேம் காகிதத்தில் நொடிக்கு 96 ஜிபி தரும். ஆனால் கோர்கள் எல்லாம் ஒரே சில்லில் இருக்கும் ரைசனில் அந்தச் சில்லுக்குள் நுழையும் பாதை, அதன் கடிகாரமான `FCLK` 2000 மெகாஹெர்ட்ஸில் இருந்தால், சுழற்சிக்கு 32 பைட் கணக்கில் 64 ஜிபிதான். குழாய் ஏற்கெனவே குறுகல். அதற்குப் பின்னால் 8000 ரேமைப் போட்டால், பெரும்பாலும் மெமரி கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். பயாஸில் `UCLK=MCLK/2` என்று தெரிவது இதுதான். கேம்களில் 6000-உடன் சமமாக வருவதே அப்போது பெரிய காரியம். ‘அதிக எண், அதே ஃபிரேம்’ என்ற ஆச்சரியத் தலைப்புகளில் பாதிக்கு விடை இந்த ஒரு வரியில் இருக்கிறது. அதையும் வரைபடத்தின் கீழே அச்சிடுங்கள்.

சரி, பெரிய கேஷில் ரேம் வேகத்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. நீங்கள் அதிகம் தொடாத இடம் அது. ஃபாக்டோரியோ கேமை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய தொழிற்சாலை உள்ள சேமித்த ஆட்டத்தில் அடிக்கடி தொடும் தரவின் பெரும்பகுதி 96 எம்பிக்குள் அடங்கிவிடும். எக்ஸ்3டி சிப்புகள் மற்றவற்றை விட்டு எங்கோ போய்விடும், ரேமை மாற்றினால் அசைவே தெரியாது. தொழிற்சாலை பெருக்கப் பெருக்க அந்தத் தரவு கேஷை வழிந்து ஓடும். ஒவ்வொரு சுற்றிலும் எல்லா இயந்திரங்களையும் தொட்டுவிட்டு வரவேண்டும் என்பதால், முதலில் தொட்டது அடுத்த சுற்று வருவதற்குள் கேஷிலிருந்து வெளியே தள்ளப்பட்டிருக்கும். எக்ஸ்3டியின் முன்னிலை சுருங்கும், டைமிங் திரும்பவும் பேச ஆரம்பிக்கும். சோதிக்கக் கிராஃபிக்ஸ் கார்டுகூடக் குறுக்கே வராது:

```
factorio --benchmark periya.zip --benchmark-ticks 1000
```

வெளியீட்டில் வரும் சராசரி மில்லிநொடியைப் பாருங்கள், 16.67-ஐத் தாண்டினால் கேம் நொடிக்கு 60 சுற்று ஓட முடியாமல் தடுமாறுகிறது என்று பொருள். சிறிய சேமிப்பு ஒன்று, பெரிய சேமிப்பு ஒன்று, ஒவ்வொன்றையும் இரண்டு ரேம் அமைப்பிலும் ஓட்டுங்கள். நான்கே எண்கள். மற்ற கேம்களில் இதைச் செய்யும்போது கிராஃபிக்ஸ் கார்டின் பயன்பாடு 98 சதவீதத்தில் முட்டிக்கொண்டிருந்தால் அந்த அளவீட்டைத் தூக்கிப் போடுங்கள். அங்கே நீங்கள் அளந்தது ரேமை அல்ல. தெளிவுத்திறனைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். சராசரியோடு நிறுத்தாமல் மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களையும் கொடுங்கள், ஏனென்றால் கேஷ் வழியும் தருணங்கள் சராசரிக்குள் ஒளிந்துகொள்ளும். அப்புறம், 7950எக்ஸ்3டி போன்ற இரட்டைச் சில்லு ப்ராசசரில் ஒரு சில்லில்தான் கூடுதல் கேஷ் இருக்கிறது. கேம் எந்தச் சில்லில் ஓடியது என்று பார்க்காமல் எடுத்த எண் எதற்குச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் கேட்பது இவ்வளவுதான்: அடுத்த ரேம் விமர்சனத்தில் 7700எக்ஸ், 7800எக்ஸ்3டி மாதிரி ஒரே தலைமுறை எட்டுக் கோர் ஜோடியைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கடிகார வேகம் கொஞ்சம் வேறுதான், ஆனால் ஒவ்வொரு சிப்பையும் அதனுடனேயே ஒப்பிடும்போது அது பெரிய தடை இல்லை. பெரிய தொழிற்சாலைச் சேமிப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வரைபடங்களைக் கூர்ந்து பார்க்கும் ஒருவன்