இந்த வருஷத்து நோன்பு அடை

திருவிடைமருதூர்

அன்புள்ள ஜானகி,

உன் கடிதம் காரடையான் நோன்புக்கு மறுநாள்தான் வந்தது. அடை கல் மாதிரி ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். ஆறுதல் சொல்ல எனக்கு அருகதை இல்லை. எங்கள் வீட்டிலும் முதல் ஈடு போய்விட்டது.

இந்தத் தடவை பங்குனி பிறந்ததே நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில். போன வருஷம் மாலை ஏழு மணிக்குப் பிறந்தது, நினைவிருக்கிறதா? சூரியன் மறுபடி மீனத்துக்கு வர 365 நாளும் அதற்கு மேல் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடவும் ஆகிறதாம். அதனால்தான் நோன்பு ஒரு வருஷம் பகலில் வருகிறது, ஒரு வருஷம் தூக்கத்தைக் கெடுக்கிறது. "மாசிச் சரடு பாசி படியும்" என்பார்களே, அதற்காக மாசி முடிவதற்குள் கட்டியாக வேண்டும். பத்து மணிக்கு அடுப்பை மூட்டினோம்.

மாவு வறுத்தது மாமியார்தான். மாமனார் போன பிறகு அவர் சரடு கட்டிக்கொள்வதில்லை, இலை முன் வந்து உட்காருவதும் இல்லை. ஆனால் வாணலியை மட்டும் யாரிடமும் விடமாட்டார். அரிசியைக் களைந்து நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போவதற்குள் இடித்துச் சலித்து, சிவக்காமல் வறுக்க வேண்டும். ஒரு சிட்டிகை எடுத்துக் கோலம் போட்டால் இழை அறாமல் விழ வேண்டும். அதுதான் பதம். வறுபடாத மாவு பிசுபிசுவென்று பல்லில் ஒட்டும்.

உன் அடை கல்லானதற்குக் காரணம் தண்ணீர் என்று நினைக்கிறேன். எங்களுடையது தை அறுவடையில் வந்த புது அரிசி, அது தண்ணீர் குறைவாகக் குடிக்கும். எனக்கு ஒரு ஆழாக்கு மாவுக்கு ஒன்றே முக்கால் ஆழாக்கே போதும். நீ புனேயில் கடையில் வாங்குவது பழைய அரிசியாக இருக்கும். இரண்டு ஆழாக்கு வை, கால் ஆழாக்கு வெந்நீரைப் பக்கத்தில் வைத்துக்கொள். கிளறிய மாவை உருட்டித் தட்டும்போது ஓரம் வெடித்தால் அந்த வெந்நீரைத் தெளித்துப் பிசை. வெல்லம் மாவுக்குச் சமமாக இருக்கட்டும்.

சரி, எங்கள் வீட்டுக் கதை. காராமணியை வறுத்து ஊறப்போட்டு வேகவைக்கும் வேலை மருமகளுடையது. நேரமாகிறதே என்று பாதி வெந்ததை வடித்து வெல்லத் தண்ணீரில் போட்டுவிட்டாள். கொதிக்கக் கொதிக்க வெந்துவிடும் என்று நினைத்திருக்கிறாள். வெல்லத்தில் விழுந்த பயறு அதற்கு மேல் வேகாது, விறைத்துக்கொள்ளும். அடை பளபளவென்றுதான் வெந்திருந்தது, கத்தியில் ஒட்டவும் இல்லை. விண்டு பார்த்தால் உள்ளே காராமணி கூழாங்கல். நைவேத்தியத்துக்கு முன் வாயில் போடக் கூடாதென்பதால் விரலால் நசுக்கித்தான் கண்டுபிடித்தேன். நல்லவேளையாக உப்பு அடைக்கென்று எடுத்து வைத்த காராமணி அடுப்பிலேயே இருந்து குழைய வெந்திருந்தது. அதைப் பங்கு போட்டுக்கொண்டோம். உப்பு அடையில் காராமணி கொஞ்சம் குறைந்தால் தேங்காய்ப் பல்லும் இஞ்சியும் பச்சை மிளகாயும் சமாளித்துவிடும்.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். பானையில் தண்ணீருக்கு மேல் பரப்ப நீள வைக்கோல் கிடைக்கவில்லை. எல்லாம் இயந்திர அறுவடை. வைக்கோலைச் சுருட்டி உருளை உருளையாகக் கட்டி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். களத்தில் கையால் கதிரடித்த ஒருவர் வீட்டில் போய் இரண்டு பிடி கேட்டு வாங்கி வந்தேன். தஞ்சாவூர் ஜில்லாவில் வைக்கோலைக் கடன் கேட்கும் காலம்! இட்லித் தட்டில் வைத்தாலும் வேகும், ஆனால் அந்த வாசனை வராது.

பன்னிரண்டே காலுக்கு இழைக்கோலம் போட்டு நுனி இலைகள் விரித்தோம். ஒவ்வொரு இலையிலும் வெல்ல அடை, உப்பு அடை, வெண்ணெய், நடுவில் பூ முடிந்த மஞ்சள் சரடு. வெண்ணெயைக் கடைசி நிமிஷம் வரை மண்சட்டித் தண்ணீரில் மிதக்க விட்டிருந்தேன். "உருகாத வெண்ணெயும் ஓரடையும்" என்று சொல்லும்போது அது உருகி ஓடினால் எனக்கே சிரிப்பு வந்துவிடும். மருமகளுக்கும் பேத்திக்கும் கட்டிவிட்டு எனக்கு நானே கட்டிக்கொண்டேன். பேத்தி பாதித் தூக்கத்தில் கழுத்தை நீட்டினாள்.

மாமியார் திண்ணையில் விழித்துக்கொண்டே இருந்தார். அடையை எடுத்துப் போனதும் முதலில் கேட்டது, "காராமணி வெந்ததா?" என்றுதான். மருமகள் என்னைப் பார்த்தாள். நான் வெந்தது என்று சொல்லிவிட்டேன். முதல் ஈட்டு அடையைக் காலையில் பசுவுக்குக் கொடுத்தோம், வைக்கோலோடு சேர்த்து. அது ஒரு குறையும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் பங்குனி காலை ஏழு மணி வாக்கில் பிறக்கும். விடியற்காலை நோன்பு. முதல் நாளே வந்துவிடு, காராமணியை உன் பொறுப்பில் விடுகிறேன்.

அன்புடன்,
கமலா