பனை விதைப்பு: அரையாண்டு நிலவரம்

அனைவருக்கும் வணக்கம். ஐப்பசியில குளக்கரையில பனங்கொட்டை ஊன்றி ஆறு மாசம் ஆச்சு. பிசான அறுப்பும் முடிஞ்சது. கார் வேலை தொடங்குமுன் ஒவ்வொரு தெருவும் தங்கள் பகுதியைப் பார்த்து, வரும் ஞாயிறு மாலை 6 மணிக்குள் இங்கேயே எழுதுங்க.

1. ஊன்றியது எத்தனை, ஓலை தெரிவது எத்தனை?

2. ஓலை தெரியாத இடத்தைத் தோண்ட வேண்டாம். பனை முதல்ல கீழேதான் முளை விடும். மண்ணுக்குள்ள கிழங்கு பிடிச்ச பிறகுதான் ஓலை மேலே வரும். அதனால "இன்னும் வரலை"ன்னு எழுதுங்க, "பட்டுப்போச்சு"ன்னு வேண்டாம்.

3. தடை என்ன? குழி திறந்து கிடந்தா, யாரோ கிழங்குக்குத் தோண்டியிருக்கலாம் (பொங்கல் சமயத்துல ஆசை யாரை விட்டது!). ஓலை நுனி கடிபட்டிருந்தா ஆடு.

4. என்ன உதவி வேணும்?

மாதிரி: "கீழத்தெரு: ஊன்றியது 60, ஓலை 22, தோண்டியது 9, மீதி 29 இன்னும் வரலை. மதகுப் பக்கம் கிடை ஆடு மிதிச்சிருக்கு. முள் அடைக்க ரெண்டு ஆள் வேணும்."

எண்ணிக்கை குறைவுன்னு யாரும் கேட்கப்போறதில்லை. விட்டுப்போன இடத்துல வரும் புரட்டாசியில மறுபடி ஊன்ற எவ்வளவு கொட்டை சேர்க்கணும்னு தெரியத்தான் இந்தக் கணக்கு. வெளியூர்ல இருக்கறவங்க வீட்டு ஆளைப் பார்க்கச் சொல்லி எழுதினாலும் போதும்.