"தெரியல மிஸ்" என்பதில் மூன்று வகை

அன்புள்ள கதிருக்கு,

உன் தலைமையாசிரியர் அடுத்த சனிக்கிழமை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடப்பிரிவு வழிகாட்டுதல் கூட்டத்தை உன் தலையில் கட்டிவிட்டார் என்று போனில் சொன்னாய். கணக்கு வாத்தியாருக்கு இதெல்லாம் எதற்கு என்று சலித்துக்கொண்டாய். இருபது வருஷம் அதே வேலையைப் பார்த்தவளிடம் அப்படிச் சொன்னால் சும்மா இருப்பேனா? போனில் சொன்னால் பாதியில் "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெரிய ஹாலை மறந்துவிடு. நூற்றைம்பது பிள்ளைகளை உட்காரவைத்து மைக்கில் "அறிவியல் எடுத்தால் இது, வணிகவியல் எடுத்தால் அது" என்று பேசினால், முன்வரிசையில் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்ட நாலு பேர் கேள்வி கேட்பார்கள். குழம்பி நிற்பவன் கடைசி வரிசையில் வாயே திறக்கமாட்டான். ஒரு தடவைக்கு முப்பது பேர், ஒன்றரை மணி நேரம், ஒரு வகுப்பறை. அது போதும்.

உள்ளே வந்ததும் ஆளுக்கொரு தாள் கொடு. பெயர் வேண்டாம், ஒரு எண் மட்டும். அந்த எண்ணை அவர்களே நினைவில் வைத்துக்கொள்ளட்டும். மூன்று வரி எழுதச் சொல். இப்போதே முடிவெடுக்கச் சொன்னால் எந்தப் பிரிவு? அதை உனக்கு முதலில் சொன்னது யார்? நாளைக்கு "இந்தப் பிரிவு உனக்குக் கிடையாது" என்று சொன்னால் எதற்கு மனசு வலிக்கும்? மடித்துக் கொடுக்கச் சொல். அவர்கள் வேறு ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும்போது நீ படித்துப் பார்.

முதல் வரியில் நிறையப் பேர் "தெரியாது" என்றுதான் எழுதுவார்கள். ஆரம்ப காலத்தில் நான் அந்தத் "தெரியாது" எல்லாவற்றையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டேன். படிப்புகள், வேலைகள் எல்லாம் அச்சடித்த ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவேன். அது மூன்று வெவ்வேறு விஷயம் என்று புரிய எனக்கு நாலைந்து வருஷம் பிடித்தது.

ஒரு வகைப் பிள்ளைக்கு உண்மையிலேயே தெரியாது. வணிகவியல் என்றால் நாள் முழுக்கப் பணம் எண்ணுவது என்று நினைத்துக்கொண்டிருக்கும். இதுவரை படித்த இயற்பியல்தான் இனியும் வரும் என்று நினைக்கும். இவர்களுக்குப் பேச்சு வேண்டாம், அடுத்த வகுப்புப் புத்தகங்களை மேஜையில் பரப்பி வை. ஒன்று மட்டும் கவனி: முதல் அத்தியாயத்தைத் திறக்கவிடாதே. அது பெரும்பாலும் பழைய பாடத்தைத் தொட்டுக்கொண்டு சுலபமாக இருக்கும். நடு அத்தியாயத்தைத் திறந்து இரண்டு பக்கம் படிக்கச் சொல். முகத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்துவிடும்.

இன்னொரு வகைக்கு எல்லாமே ஓரளவு பிடிக்கும், எல்லாமே ஓரளவு வரும். இவர்களைத்தான் பள்ளிகள் ஆர்வச் சோதனைக்கு அனுப்பும். அந்தச் சோதனைகளில் பலவும் ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-இல் முன்வைத்த கருத்தில் நிற்பவை: கையால் செய்வது, ஆராய்வது, கலை, பிறருக்கு உதவுவது, ஆட்களை நடத்துவது, ஒழுங்காகக் கணக்கு வைப்பது என்று ஆறு வகை ஆர்வம். ஆறில் இரண்டு மூன்று தெளிவாக உயர்ந்து நின்றால் அதை வைத்துப் பேசலாம். ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு ஆறும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வரும். அப்படி வந்தால் சோதனை உனக்கு எதையும் சொல்லவில்லை என்று அர்த்தம். அதில் ஒரு மதிப்பெண் கூடுதலாக இருப்பதைப் பிடித்துக்கொண்டு "நீ கலைப்பிரிவு" என்று சொல்லிவிடாதே. பதினைந்து வயதில் ஆர்வம் இன்னும் அசைந்துகொண்டுதான் இருக்கும்.

அப்படி ஒரு பையன் என்னிடம் வந்தான். கணக்கில் 74, அறிவியலில் 86, சமூக அறிவியலில் 91. கணக்குதான் குறைவு, அதனால் அதை விட்டுவிடு என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். நான் அவன் கணக்கு விடைத்தாளைக் கொண்டுவரச் சொன்னேன். போன 26 மதிப்பெண்ணும் எங்கே போனது என்று இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். 15 மதிப்பெண் குறி மாற்றி எழுதியதிலும், எண்ணை அடுத்த வரிக்குத் தப்பாக இறக்கியதிலும் போயிருந்தது. 3 நேரம் போதாமல். ஒரே ஒரு கணக்கை, 8 மதிப்பெண்ணுக்கானதை, எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியாமல் விட்டிருந்தான். மேலே போகப் போகக் கணக்கில் உதைப்பது இந்தக் கடைசி வகைதான். கவனப்பிழை குறையக்கூடியது. கணக்கின் வாசலிலேயே நிற்கத் தெரியாமல் திகைப்பது லேசில் குறையாது. 74 என்ற எண்ணுக்குள் இது எதுவும் தெரியாது. இதை நீ என்னைவிட நன்றாகச் செய்வாய்.

அடுத்து, என்ன ஆகப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை. நினைத்துப் பார்க்கப் பிடிக்கிற மூன்று படிப்பைச் சொல் என்றேன். கட்டடக்கலை, சட்டம், பொருளாதாரம் என்றான். ஒவ்வொன்றுக்கும் கீழே, உள்ளே நுழைய எந்தப் பாடம் படித்திருக்க வேண்டும் என்று எழுதினோம். சட்டம் எந்தப் பிரிவிலிருந்தும் போகலாம். கட்டடக்கலைக்குக் கணக்கு வேண்டும், பல இடங்களில் இயற்பியலும் கேட்பார்கள். பொருளாதாரத்துக்குப் பல பல்கலைக்கழகங்கள் கணக்கு கேட்கும், கேட்காத இடத்திலும் அது இல்லாமல் திணற வேண்டியிருக்கும். இப்போது பார், "நான் யார், என்ன ஆவேன்" என்ற மலை மாதிரிக் கேள்வி கரைந்து இரண்டு சின்னக் கேள்வி ஆகிவிட்டது. இன்னும் இரண்டு வருஷம் கணக்கோடு இருக்க முடியுமா? இயற்பியலோடு இருக்க முடியுமா?

அதற்குப் பத்து நாள் ஒத்திகை. அடுத்த வகுப்புக் கணக்கில் முக்கோணவியல், இயற்பியலில் இயக்கம், ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு அரை மணி நேரம். சரியாகப் போட்டானா என்று நான் பார்க்கவில்லை. யாரும் சொல்லாமல் எத்தனை நாள் புத்தகத்தைத் திறந்தான் என்று மட்டும் குறித்துவைக்கச் சொன்னேன். கணக்கை ஒன்பது நாள் திறந்திருந்தான், தப்பும் தவறுமாக எல்லாக் கணக்கையும் ஆரம்பித்தும் இருந்தான். இயற்பியலை நாலு நாளோடு மூடிவிட்டான். "வீடு வரையத்தான் பிடிக்குது மிஸ், இந்த விசையெல்லாம் பிடிக்கல" என்றான். பொருளாதாரம், கணக்கியல், கணக்கு சேர்ந்த பிரிவை எடுத்தால் கட்டடக்கலை பல இடங்களில் மூடிவிடும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் மேஜையிலிருந்த பென்சிலை எடுத்து, "கட்டடக்கலை" என்ற வார்த்தையின் மேல் அவனே ஒரு கோடு போட்டான். ஸ்கேல் வைத்துப் போட்டான், அது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இந்த இடத்தில் உன் சக ஆசிரியர்கள் ஒரு யோசனை சொல்வார்கள்: எதற்கும் கணக்கும் அறிவியலும் எடுத்து வைக்கட்டும், அங்கிருந்து வேறு எதற்கும் மாறலாம், திரும்பி வருவதுதான் கஷ்டம் என்று. அதில் உண்மை இருக்கிறது. வரலாறு எடுத்தவன் பிறகு பொறியியலுக்குத் திரும்புவது கடினம்தான். ஆனால் பல கதவுகளில் பாடத்தின் பெயரோடு மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள். பிடிக்காத நாலு பாடத்தில் இரண்டு வருஷம் தத்தளித்து, கடைசியில் தேறினால் போதும் என்று வெளியே வருகிற பிள்ளைக்கு, அந்தத் திறந்த கதவுகளில் எத்தனை மிஞ்சும்? ஒத்திகையில் தாக்குப்பிடித்தவனுக்கு மட்டும் அந்த யோசனையைச் சொல்.

நுழைவு விதிகளை ஒருபோதும் நினைவிலிருந்து சொல்லாதே. ஒரு படிப்புக்குக் கணக்கு வேண்டாம் என்று ஒரு பெண்ணிடம் அடித்துச் சொன்னேன். முந்தின வருஷம்வரை அதுதான் விதி. அவள் பள்ளி முடித்து விண்ணப்பிக்கும்போது மாறியிருந்தது. அவள் என்னைத் திட்டக்கூட இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அந்தந்த வருஷத்துச் சேர்க்கை அறிவிப்பைப் பிள்ளையையே திறந்து படிக்கச் சொல், இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதையும் சொல்.

மூன்றாவது வகைக்கு வருகிறேன். முதல் வரியில் "தெரியாது", மூன்றாவது வரியில் யோசிக்காமல் பதில் எழுதியிருக்கும் பிள்ளை. அதற்குத் தெரியும், வீட்டில் சொல்ல முடியவில்லை. இந்தப் பிள்ளையிடம் புத்தகமும் வேலை செய்யாது, சோதனையும் வேலை செய்யாது. வகுப்பில் எழுப்பிக் கேட்டுவிடாதே. "எண்ணைச் சொல்லிவிட்டு என்னோடு தனியாகப் பேச விருப்பமுள்ளவர்கள் வரலாம்" என்று பொதுவாகச் சொல்லி நிறுத்து. பெற்றோர் வரும்போது பிள்ளை எழுதியதை அவர்களிடம் காட்டாதே. அவர்களுக்கும் ஒரு தாள் கொடுத்து, "எந்தப் பிரிவு வேண்டாம், அதில் உங்களுக்கு என்ன பயம்" என்று எழுதச் சொல். பெரும்பாலும் பயம் ஒன்றே ஒன்றாக இருக்கும்: வருமானம், தூரம், தாங்கள் அறியாத துறை. அந்த ஒன்றுக்கு மட்டும் தகவல் தேடிக் கொடுத்தால் பாதிப் பேர் இறங்கி வருவார்கள். மீதிப் பேர் இறங்க மாட்டார்கள், அதையும் பார்த்துத் தயாராக இரு.

மூன்றாவது வரி காலியாக இருந்தால் அது முதல் வகையோ இரண்டாம் வகையோதான், பதற்றப்பட ஒன்றுமில்லை.

இதையெல்லாம் ஊருக்குச் சொன்னவள் உனக்குச் செய்யவில்லை, கதிர். உன் பத்தாவது மதிப்பெண் வந்த அன்று கணக்கும் அறிவியலும்தான் என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னேன். நீ சரி என்றாய். நீ கணக்கு வாத்தியாராக ஆனதைக் காட்டி நான் சொன்னது சரியாகத்தான் போனது என்று பல நாள் சொல்லிக்கொண்டேன். ஆனால் உன்னிடம் அந்த மூன்றாவது கேள்வியை நான் கேட்கவே இல்லை.

சனிக்கிழமை தாள் கொடுக்கும்போது நீயும் ஒன்று எடுத்துக்கொள். அந்த வயதில் என்ன எழுதியிருப்பாயோ அதை எழுது. அனுப்ப மனசிருந்தால் அனுப்பு.

அன்புடன்,
அம்மா